வந்த தேதி, போகிற தேதி

"பெட்டியெல்லாம் வந்த வரிசையிலயே அனுப்பிட்டீங்களா, சார்?" என்று மேனேஜர் கேட்டாள்.

ஸ்டோர் கீப்பருக்குச் சுருக்கென்றது. இந்த மருந்துக் கிடங்கில் அவருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். மேனேஜருக்கு வயதே இருபத்தாறுதான்.

"முதல்ல வந்தது முதல்ல போகணும். இது அரிச்சுவடி, மேடம்."

"மருந்துக்கு அது பத்தாது சார். கடைசியா வந்த பெட்டிக்குத்தான் காலாவதி தேதி கிட்ட இருக்கு. அதுதான் முன்னாடி போகணும்."

நேற்றைய மழைக்கு இன்று முளைத்த காளான், தனக்குப் பாடம் எடுப்பதா? வீம்புக்கு, அன்று சாயங்காலமே தேதி பார்த்து எல்லா அடுக்கையும் தானே மாற்றி வைத்தார். ஸ்கேனரைத் தொடவில்லை. ஆக, இருமல் மருந்து இடம் மாறியது கணினிக்குத் தெரியாது. மறுநாள் காலை அது காட்டிய அடுக்கிலிருந்து பையன்கள் அப்படியே எடுத்து அனுப்பியதில், இருமல் மருந்து கேட்ட ஆஸ்பத்திரிக்குப் பேதி மருந்து போய்ச் சேர்ந்தது.

வேன் திரும்பி வந்தது. டிரைவர் கத்தினார். "அங்க குழந்தைங்க இருமிக்கிட்டு இருக்கு. யாருய்யா இதை அனுப்புனது?"

யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று ஸ்டோர் கீப்பர் கணினியில் கை வைத்து, இருமல் மருந்துக் கணக்கைத் தாறுமாறாகக் கழித்துவிட்டார். கையிருப்பு மைனஸ் நாற்பது பெட்டி என்று காட்டிவிட்டு, அது இருமல் மருந்துக்கு அனுப்புச் சீட்டு அடிக்கவே மறுத்தது.

கிடங்கில் மருந்து குவிந்து கிடக்க, ஒரு பெட்டிகூட வெளியே போக வழியில்லை. அவருக்குக் கணினி மேல் கோபம், மேனேஜர் மேல் கோபம். அப்போதுதான் முந்தின நாள் ராத்திரி, அச்சகத்தில் மேனேஜராகச் சேர்ந்திருக்கும் மகள் சாப்பிடாமல் அழுதது ஞாபகம் வந்தது. "சொன்னா கேக்கவே மாட்டேங்கறாருப்பா, அந்தப் பெரியவர்."

"அந்தக் கிழவனுக்கு என்ன திமிரு? வேலையை விட்டுத் தூக்கு," என்று தட்டைத் தள்ளிவிட்டுக் குதித்தவர் இவர்தான். இப்போது அந்தக் கோபம் மொத்தமும் தன் மேலேயே திரும்பியது. எரிச்சலோடு மேனேஜர் மேஜைக்குப் போனார்.

"நான்தான் குழப்பினேன், மேடம். ஸ்கேனர் எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. சொல்லிக் குடுங்க."

அவள் சிரிக்கவில்லை. அடுக்குக்கே கூட்டிப் போனாள். "நகர்த்தினா எடுத்த இடம், பெட்டி, வெச்ச இடம், மூணையும் ஸ்கேன் பண்ணணும். முதல்ல, உண்மையில எவ்வளவு இருக்குன்னு எண்ணுவோம்."

எண்ணினார்கள். அவர் இரண்டு தடவை தப்பாக அழுத்தினார், மூன்றாவது தடவை சரியாக வந்தது. டைரியில் எழுதிக்கொண்டார். மைனஸ் மறைந்தது, மத்தியானத்துக்குள் வேன் போய்விட்டது. மேனேஜர் ஜன்னலோரம் போய் யாருக்கோ போன் போட்டு, "அப்பா" என்றாள். அவள் கண்ணைத் துடைத்தமாதிரி இருந்தது.

சாயங்காலம் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அந்தப் பெரியவர் இன்னைக்குத் தானே வந்து 'சொல்லிக் குடும்மா'ன்னு கேட்டாரு. அவர் பொண்ணும் ஏதோ மருந்துக் கிடங்குல மேனேஜராம். அங்க இருக்கற கிழவர் ஒருவழியா இறங்கி வந்துட்டாருன்னு, மத்தியானம் போன்ல ஒரே அழுகையாம்."