பல்லுக்காகக் கொடுத்த மாப்பு

சாகப் போகிறோம் என்று நினைத்து யாரையும் மன்னித்துவிடாதீர்கள். பிறகு உயிரோடு இருக்க வேண்டி வந்தால் பெரிய கரைச்சல். நான் பட்டவள்.

எண்பதுகளில் நடந்தது. இடது மார்பில் வந்த புற்றுநோயை அறுத்து எடுத்து, கதிர்ச் சிகிச்சையும் முடித்து நிந்தவூருக்குத் திரும்பியிருந்தேன். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய்க் காட்ட வேண்டும். டொக்டர் கழுத்து, அக்குள், மற்ற மார்பு, வயிறு எல்லாம் கையால் அமுக்கிப் பார்ப்பா. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். சந்தேகம் வந்தால் ஈரலுக்கு ஸ்கேன்.

நாள் நெருங்க நெருங்க எனக்குப் பைத்தியம் பிடிக்கும். இருமினால் நெஞ்சுக்குப் பரவிவிட்டது. முதுகு வலித்தால் எலும்புக்குப் பரவிவிட்டது. (தண்ணீர்க் குடம் தூக்கினால் முதுகு வலிக்கும் என்பது அப்போது நினைவுக்கு வராது.)

அந்த முறை தாடைக்குக் கீழே உண்மையாகவே ஒரு கட்டி தட்டுப்பட்டது. காலையில் அமுக்கினேன். அடுப்படியில் அமுக்கினேன். தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யும்போதும் அமுக்கினேன். அது வீங்கியது. முடிந்தது என்று தீர்மானித்தேன்.

மௌத்து என்றால் சாவு; மௌத்தாகப் போகிறவர் எல்லோரிடமும் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதலில் பக்கத்து வீட்டு ஸபியா. வேலித் தகராறில் அவளோடு பேச்சே இல்லை.

"ஸபியா, நான் இனித் திரும்பி வாறது சந்தேகம். ஏசினதெல்லாம் மாப்புச் செய்துக்க."

அவள் அழுதுவிட்டாள். "நீங்கதான் ராத்தா என்ன மாப்புச் செய்யணும். வேலிய நாங்கதான் தள்ளிப் போட்டம். அந்த முருங்க உங்கடதான்."

எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் சாகப் போகிறவள் கொதிக்கலாமா? "மாப்புச் செய்திட்டன். மரத்த வச்சுக்க" என்றேன்.

அடுத்தது மச்சி, என் புருஷனைக் காக்கா என்று கூப்பிடும் அவரின் தங்கை. அவளும் கண்ணைக் கசக்கினாள். "ஒங்களப் பொண்ணு பாக்க வந்தப்ப, 'இவ வாய்க்காரி, வேணாம்' எண்டு காக்காட்டச் சொன்னது நான்தான் மச்சி."

"மாப்பு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. (அந்தப் பல்லை நினைவில் வையுங்கள்.)

வீட்டுக்கு வந்தால், என் புருஷனும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். "ஒன்ட ஆட்டுக் கிடாய் காணாமப் போகல்ல. கூட்டாளிமாரோட வயல்ல அறுத்துச் சாப்பிட்டம்."

ஒரு வாரம் அந்தக் கிடாயைத் தேடி அலைந்தவள் நான். கூடவே நடந்து தேடியவர் இவர். அதற்கும் மாப்பு.

கொழும்பில் டொக்டர் கட்டியைத் தொட்டா. தமிழ் கதைக்கக்கூடியவ. "நோகுதா?"

"நல்லா நோகுது."

"ஒரு நாளைக்கு எத்தன தரம் அமுக்கினீங்க?"

"கணக்கில்ல."

"உங்கட கன்னத்த அப்பிடி அமுக்கினாலும் வீங்கும். வாயத் திறங்க."

திறந்தேன். கடைசிக் கொடுப்புப் பல் அழுகிச் சீழ் பிடித்திருந்தது. கழுத்து நெறி அதனால் கட்டியிருந்தது. ஆனாலும் அவ சும்மா விடவில்லை. கட்டி விஷயத்தில் கையை மட்டும் நம்பக் கூடாதென்று எக்ஸ்ரே, ஸ்கேன் இரண்டுக்கும் அனுப்பினா. பல்லைப் பிடுங்கி, மருந்து குடித்து, கட்டி வற்றுகிறதா என்று பார்க்கத் திரும்ப வரச் சொன்னா. அதுவரை கொழும்பிலேயே தங்கினேன். முடிவு வரும் வரை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்த நேரம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்க வேண்டாம்.

எல்லாம் சுத்தம். கட்டியும் வற்றிப்போனது.

"பயம் போகாதா டொக்டர்?"

"முழுசாப் போகாது. மாசத்தில ஒரு நாள், விரல் நுனியால இல்ல, விரலைப் படுக்க வச்சு ஒருக்காத் தடவிப் பாருங்க. புதுசா ஒண்டு வந்து ரெண்டு கிழமைக்கு மேல நிண்டா, தவணை வரும் எண்டு இருக்காம ஓடி வாங்க. மற்ற நாளெல்லாம் கைய வேலைக்குக் குடுங்க."

ஊருக்கு வந்து இறங்கினேன். ஸபியாவும் மச்சியும் என் வாசலில், சாகிறவர்களுக்கு ஓதும் யாசீனை ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"என்னகா, டொக்டர் என்ன சொன்னா?" என்றாள் ஸபியா.

கையோடு கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, பிடுங்கிய பல்லைக் காட்டினேன். "இது மௌத்தாயிட்டு. நான் இல்ல."

மச்சி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவர் மட்டும் மெதுவாகப் பின்பக்கம் நழுவினார். கிடாய் நினைவு வந்திருக்கும்.

மாப்புக் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பக் கேட்க முடியாது. மூன்று மாதத் தவணை ஆறு மாதமாகி, இப்போது வருடத்துக்கு ஒருமுறை. நாள் நெருங்கினால் இன்னும் பயம் வரும்தான். ஆனால் கை கழுத்துக்குப் போகாது. போனால் வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கேட்கும்:

"ராத்தா, பொறுங்க! இன்னும் கொஞ்சம் மாப்புக் கேக்க இருக்கு!"

வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போய் வந்து "சுத்தம்" என்று சொன்னால், ஸபியா ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டு வருவாள். என் மரத்துக் காய்தான். வாங்கிக் கறி ஆக்குகிறேன். வேலி அங்கேயே நிற்கிறது. நானும் நிற்கிறேன்.