பிடிக்கவே கூடாத கேட்ச்

"கட்!"

இயக்குநர் போட்ட சத்தத்தில் மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

எல்லைக் கயிற்றுக்கு ஓரடி உள்ளே மாஸ்டரின் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். குவித்த கைகளுக்குள் பந்து சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மாஸ்டர் மூச்சிரைக்க ஓடினார். "மாப்ளே, விடணும்னு சொன்னேன்ல?"

"விடத்தான் மாமா போனேன். அதுவா வந்து உட்கார்ந்துடுச்சு."

சண்டைக்கு ஒரு மாஸ்டர், நடனத்துக்கு ஒரு மாஸ்டர் என்று இருப்பதுபோல, இந்தப் படத்தில் கிரிக்கெட்டுக்கு அவர் மாஸ்டர். கதாநாயகன் மட்டையை முதலில் துடைப்பம் மாதிரிப் பிடித்தவன். அவனை வைத்து ஒரு முழு ஆட்டத்தையே மாஸ்டர் துண்டு துண்டாகக் கட்டியிருந்தார். பந்துவீச்சாளர் பந்தே இல்லாமல் ஓடிவந்து கையைச் சுழற்றுவார். கதாநாயகன் சொல்லிக்கொடுத்த இடத்தில் காலை வைத்துக் காற்றை அடிப்பான். உண்மையில் பந்தை அடிப்பதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாத டூப். அவரை முதுகுப் பக்கமிருந்துதான் எடுப்பார்கள். இருநூறு துணை நடிகர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து கத்திவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் மறுபடி கத்துவார்கள். அத்தனையையும் படத்தொகுப்பில் ஒட்டினால் அரங்கம் நிறைந்த ஆட்டம் தயார்.

எதிரணிக்கு மட்டும் நிஜ ஆட்டக்காரர்கள். ஓடுவதையும் வீசுவதையும் நடித்து ஏமாற்ற முடியாது. நாலு ஆட்டம் பார்த்தவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் தன் பழைய கிளப்பையே கூட்டிவந்திருந்தார்.

கடைசிப் பந்து, வேண்டியது ஆறு ரன். கதாநாயகன் தூக்கி அடிக்க, எல்லையில் நிற்கிறவர் கையில் விழுந்த பந்து நழுவி, அப்படியே கயிற்றைத் தாண்டி வெளியே விழ வேண்டும். தரையில் படாமல் தாண்டினால் யார் கையில் பட்டிருந்தாலும் சிக்ஸர்தான்.

"கேட்ச் விட்டதால ஜெயிச்சான்னா ஹீரோவுக்கு என்ன சார் பெருமை?" என்று மாஸ்டர் முதலிலேயே கேட்டிருந்தார்.

"பலமானவன் ஜெயிச்சா அது செய்தி. தோத்துடுவான்னு எல்லாரும் முடிவு கட்டினவன் ஜெயிச்சாத்தான் கதை" என்றார் இயக்குநர். "டிக்கெட் வாங்கி உள்ளே வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையில பன்னிரண்டாவது ஆளுங்க. நோஞ்சான் டீமைப் பார்த்ததும், அட நம்மாளுன்னு உட்கார்ந்துடுவாங்க. ஆனா ஜெயிக்கப்போறான்னும் அவங்களுக்குத் தெரியும். பந்து எதிராளி கையில விழற அந்த ஒரு நொடிதான் அதை மறக்கடிக்கும்."

அந்த ஒரு நொடிக்காகத்தான் மாஸ்டர் மனைவியின் தம்பியைப் பிடித்தார். கிளப்பில் அவர் சுழல்பந்து வீசிய காலத்தில் மச்சினன் கைக்குப் போன கேட்ச் ஒன்றுகூடத் தங்கியதில்லை. 'ஓட்டைக்கை' என்று பெயர் வைத்ததே அவர்தான். "உலகத்துலயே விடறதுக்குன்னு பிறந்த கை சார் அது" என்று இயக்குநரிடம் அடித்துச் சொல்லியிருந்தார்.

இப்போது அந்தக் கை ஐந்தாவது முறையாகப் பிடித்திருந்தது.

பந்து மட்டையிலிருந்து அவ்வளவு தூரம் வருவதில்லை. காமிராவுக்குப் பின்னால் முக்காலிமேல் நின்று துணை இயக்குநர் தூக்கிப் போடுவாள். அவளும் பாவம், போட்டுப் போட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில எண்ணெய் தடவுங்க" என்றார் மாஸ்டர்.

தடவினார்கள். பந்து உள்ளங்கையில் வழுக்கி, நெஞ்சில் மோதி, வயிற்றில் உருண்டது. மச்சினன் குனிந்து அதை மடியோடு அணைத்துக்கொண்டான்.

"குழந்தையைத் தாங்கற மாதிரி தாங்கறான்யா!" என்று இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தள்ளிப் போடும்மா, எட்டவே கூடாது" என்றார் மாஸ்டர்.

தள்ளிப் போட்டாள். மச்சினன் பக்கவாட்டில் பாய்ந்து, காற்றில் படுத்தபடி ஒற்றைக் கையில் பிடித்தான். ஒளிப்பதிவாளர் காமிராவை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

"பந்தே வேண்டாம். அப்புறம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சுக்கலாம். பந்து வர்ற மாதிரி நினைச்சுக்கோ, கையிலே பட்டு நழுவற மாதிரி நடி. அவ்வளவுதான் மாப்ளே."

"இவ்வளவுதானே மாமா."

மச்சினன் அண்ணாந்து பார்த்தான். பின்னால் நகர்ந்தான். இரண்டு கையையும் நீட்டி இல்லாத பந்தைக் கப்பென்று பிடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"யோவ், ஒண்ணுமே இல்லாததைப் பிடிச்சுட்டான்யா!" என்று இயக்குநர் அலறினார்.

இதற்குள் இன்னொரு வம்பு முளைத்தது. திகைத்துப்போய் வாயடைத்திருக்க வேண்டிய துணை நடிகர்கள், மச்சினன் பிடிக்கப் பிடிக்க எழுந்து நின்று விசிலடிக்க ஆரம்பித்தார்கள்.

இயக்குநர் ஒலிபெருக்கியை எடுத்தார். "ஏன்யா அவனுக்குக் கத்தறீங்க? உங்களுக்கு ஹீரோ இந்தப் பக்கம்!"

"பாவம் சார்" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எண்ணெய் தடவறீங்க, எட்டாம போடறீங்க, ஆளாளுக்குத் திட்டறீங்க. மனுஷன் ஒத்தையா நின்னு சமாளிக்கிறார். மனசு அவர் பக்கம்தானே போகும்?"

இயக்குநர் ஒலிபெருக்கியை இறக்கினார். தன் கதையே தன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதுபோல் விழித்தார். கதாநாயகன்கூட ஒரு முறை தன்னை மறந்து கைதட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நிழல் நீண்டுவிட்டால் காலையில் எடுத்த காட்சிகளோடு ஒட்டாது. மைதானமும் நாளைக்குக் கிடையாது.

"மாஸ்டர்" என்றார் இயக்குநர், ஆபத்தான அமைதியோடு. "இது முடியலைன்னா இதோட நீங்களும் முடிஞ்சீங்க."

அதே நேரம் துணை இயக்குநர் முக்காலியிலிருந்து இறங்கி, "தோள்பட்டை போச்சு சார், இனிமே என்னால ஆகாது" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் மாஸ்டரே முக்காலியில் ஏறினார். பழக்க தோஷம், விரல்கள் தாமாகவே பந்தின் தையலைப் பிடித்தன. ஒரு சுழற்றுச் சுழற்றி உயரத் தூக்கிப் போட்டார்.

மச்சினன் பந்தைப் பார்த்தான். பந்து வந்த கையையும் ஒரு கணம் பார்த்தான். பிறகு அழகாகக் கீழே போய் நின்று, கையை நீட்டி, விரல் நுனியில் வாங்கித் தட்டிவிட்டான். பந்து ஒரு துள்ளுத் துள்ளிக் கயிற்றைத் தாண்டி விழுந்தது. அவன் முழங்காலில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

கூட்டம் நிஜமாகவே வாயடைத்துப் போனது. ஒரு பெண்மணி விசும்பினாள்.

"கட்! ஓகே! ஓகே!" இயக்குநர் ஓடிவந்து மாஸ்டரைக் கட்டிப்பிடித்தார். "அதுல என்ன மாயம் வெச்சீங்க?"

"சுழல் சார். கைக்கு வந்ததும் திரும்பும். யாராலயும் பிடிக்க முடியாது."

"அடுத்த படத்துக்கும் நீங்கதான் மாஸ்டர்!"

மச்சினனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். விரலை எப்படி வைத்தார், மணிக்கட்டை எப்படித் திருப்பினார், காற்று எந்தப் பக்கம் அடித்தது. சாப்பிட உட்கார்ந்தும் நிற்கவில்லை. தம்ளரைப் பந்தாக்கிக் காட்டினார், எழுந்து நின்று காட்டினார், முதலிலிருந்து மறுபடி காட்டினார். குழம்பு ஆறிப் போனது.

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள்.

"ஏன்டா, இவர் போடற பந்துல கேட்சை விட்டுடுன்னு கிளப் காலத்துல நான் சொல்லிவெச்சதே, விக்கெட் எடுத்த பெருமையில வீட்டுக்கு வந்து இப்படி உயிரை வாங்கக் கூடாதுன்னுதானேடா, இன்னிக்கு ஒரு நாள் பிடிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"