முட்டி வாத்தியாரின் முதல் டிக்காஷன்

கொல்லிமலையில் பஸ்ஸையே அடக்கிய ஒரே ஆள் எங்கள் முட்டி வாத்தியார்தான். எங்களையெல்லாம் முட்டி போட வைத்தே வேலைக்காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு, பஸ் நிற்கும் வளைவில் நாலு தகரத்தைப் போட்டு விடியற்காலைக் காப்பிக்கடை திறந்தார்.

"பென்சன் வருதில்லீங்களா சார், எதுக்குங்க இந்தக் குளிர்ல?" பால் ஊற்றப் போன நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பென்சன் வாங்கறவன் போத்திட்டே கெடக்கோணும்னு எவன்டா சொன்னான்?"

காப்பிக்கொட்டை எங்கள் மலையிலேயே குண்டனி நாட்டுத் தோட்டத்துடையது. அவரே வறுத்து, கொரகொரப்பாக அரைப்பார். சிக்கரி என்றால் எரிந்து விழுவார். ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, தட்டை லேசாக வைத்து, கொதிநீரை ஊற்றி மூடுவார். குளிரில் ஆறாமலிருக்க அதற்குத் துண்டும் சுற்றுவார். சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை பிரதமரே வந்தாலும் காப்பி கிடையாது.

பஸ் நிற்கும் கடையில் டிரைவர் காசு கொடுப்பதில்லை. அது ரோட்டு வழக்கம். வாத்தியாருக்கு அது ஆகாது.

"குடிச்சா காசு வை."

டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க, நாங்க நிறுத்துனாத்தானே உங்களுக்கு யாவாரம்? நாளையிலிருந்து ஆளேத்துன உடனே கெளம்பிருவேன், பாத்துக்கங்க."

பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கிக் குடித்தால்தான் கடை. இல்லாவிட்டால் நானும் நாலு நாயும்தான்.

மறுநாள் வாத்தியார் கோபத்தில் ஃபில்டர் தட்டைப் போட்டு அழுத்திவிட்டார். தூள் இறுகி, ஒரு சொட்டும் இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. டிரைவர் தடுத்தும், சந்தைக்குப் போகும் மிளகு மூட்டைக்காரர்கள் இறங்கிவிட்டார்கள்.

"ஃபில்டரத் தட்டுங்க சார்!" என்றார் ஒரு மூட்டைக்காரர்.

"தட்டுனா தூளும் சேந்து எறங்கும். அதைக் குடிப்பியா?" தட்டை மெல்லத் தூக்கி, கரண்டிக் காம்பால் மேல் தூளை மட்டும் கிளறிவிட்டார். ஒரு சொட்டு. அப்புறம் ஒன்று.

ஹாரன் அலறியது. "வராதவங்க நடந்து வாங்க!" பஸ் உறுமியது.

எனக்கு நாலு பேர் முன்னால் வாயே வராது. அன்றைக்கு என்ன ஆனதோ, பால் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். "டிக்காஷன் எறங்கட்டுங்க" என்றேன்.

"அதானே! குடிச்சிட்டுத்தான் ஏறுவோம்" என்றார் இறங்கி நின்ற மூட்டைக்கார அம்மா ஒருவர்.

எஞ்சின் அணைந்தது. குளிர் தாங்காமல் டிரைவரும் இறங்கி வந்தார். காசை வைத்தார், குடித்தார். காலி டம்ளரை நீட்டினார்.

"இன்னொன்னு குடுங்க சார்."

"மொத டிக்காஷன் தீந்துபோச்சு, இனி ரெண்டாந்தண்ணிதான் இருக்கு. நாளைக்கு வா."

வந்தார். இன்றும் வருகிறார், காசோடு.

என்னைப் பாராட்டி வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து முதல் டிக்காஷனில் முதல் டம்ளர் எனக்கு. சர்க்கரை கேட்டால் முறைப்பார். கசப்பு எனக்கு ஆகவே ஆகாது. ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை.